கார் வாங்க எந்தப் பணம்? சேமிப்பு, பிஎஃப், வங்கிக் கடன்: முதல் கார் வாங்குபவருக்கான கணக்கு

முதல் கார் வாங்கப் போகும் சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. "பிஎஃப்ல ஏழு லட்சம் சும்மாதானே கிடக்குது, அதை எடுத்து வாங்கிட்டா இஎம்ஐ தொல்லை இல்லையே?" அதே ஆபீஸில் இன்னொருவர் நேர்மாறாகச் சொல்வார்: "கடன் வட்டி ஒன்பது, பிஎஃப் வட்டி எட்டேகால். பெரிய வித்தியாசம் இல்லை, கடனையே வாங்கு." இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரு முக்கியமான விஷயத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பணத்தை முதலில் எடுக்க வேண்டும், எதைக் கடைசிவரை தொடக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் 34 வயதுக்காரர். அடிப்படைச் சம்பளம் 35,000. பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது 58,000. வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் சேர்த்து மாதச் செலவு 36,000. எஃப்டியில் 4 லட்சம், சேமிப்புக் கணக்கில் 1.2 லட்சம், பிஎஃப்பில் 7.4 லட்சம் இருக்கிறது. வேறு கடன் இல்லை.

முதலில் காரின் முழு விலையைப் போடுங்கள்

விளம்பரத்தில் வருவது ஷோரூம் விலை. நாம் கட்டப்போவது ஆன்ரோடு விலை. நம்மவர் பார்த்த சிறிய காரின் ஷோரூம் விலை 6.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள கார்களுக்கு ஆயுட்கால சாலை வரி 13 சதவீதம். அதுவே கிட்டத்தட்ட 86,000. முதல் வருடக் காப்பீட்டில் மூன்றாம் நபர் பகுதியை மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதால் அதற்கு 38,000 போல ஆகும். பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், தரை விரிப்பு என்று இன்னும் கொஞ்சம். ஆக 8 லட்சம்.

இத்தோடு மாதச் செலவையும் இப்போதே எழுதிவிடுங்கள். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கணக்கில், பெட்ரோலுக்கு 5,400 ரூபாய் போல வரும். இரண்டாம் வருடத்திலிருந்து காப்பீடு, சர்வீஸ், பங்ச்சர், பார்க்கிங் எல்லாவற்றையும் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் இன்னொரு 2,000. மொத்தம் மாதம் 7,500. காரை எந்தப் பணத்தில் வாங்கினாலும் இந்தச் செலவு உண்டு. பிஎஃப் பணத்தில் வாங்குபவர்கள் பலர் "மாதச் சுமையே இல்லை" என்று நினைப்பது இதை விட்டுவிடுவதால்தான்.

அடுத்து, தொடக் கூடாத பணத்தை ஒதுக்குங்கள்

ஆறு மாத வீட்டுச் செலவைக் காருக்கான கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். நம்மவருக்கு அது ஏறக்குறைய 2.2 லட்சம். எஃப்டியும் சேமிப்புக் கணக்கும் சேர்ந்து 5.2 லட்சம் இருப்பதால், காருக்கு என்று மிஞ்சுவது 3 லட்சம். மீதி 5 லட்சம் பிஎஃப்பிலிருந்தா, வங்கியிலிருந்தா என்பதுதான் இப்போது கேள்வி.

"பிஎஃப் இருக்கிறதே, அதுவே அவசரத்துக்கு ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிஎஃப் விண்ணப்பம் சில நாளிலும் முடியும், ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் வாரக்கணக்கிலும் இழுக்கும். நள்ளிரவில் ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்கும்போது அது உதவாது.

பிஎஃப் பாஸ்புக்கை ஒருமுறை திறந்து பாருங்கள்

யுஏஎன் எண்ணை வைத்து உறுப்பினர் தளத்திலோ உமங் செயலியிலோ பாஸ்புக்கைப் பார்க்கலாம். அதில் மூன்று பத்திகள் இருக்கும். முதலாவது, உங்கள் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதம். இரண்டாவது, நிறுவனம் போட்டதில் பிஎஃப்புக்கு வந்த பகுதி. மூன்றாவது, ஓய்வூதியத் திட்டத்துக்குப் போனது. இது மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய். மூன்றாவது பத்தியில் உள்ளதை உங்கள் பிஎஃப் இருப்பாகக் கூட்டக் கூடாது. அதற்கு வட்டி ஏறுவதில்லை. அது பென்ஷனுக்குப் போகும் பணம். முதல் இரண்டின் கூட்டுத்தொகைதான் இருப்பு.

நம்மவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமான 4,200 பிடிக்கிறார்கள். நிறுவனமும் 4,200 போடுகிறது, அதில் 1,250 பென்ஷனுக்குப் போய் 2,950 பிஎஃப்பில் சேர்கிறது. மாதம் 7,150 ஏறுகிறது என்று அர்த்தம். 5 லட்சத்தை எடுத்துவிட்டால் அதே வேகத்தில் அதைத் திரும்பச் சேர்க்கவே பல வருடம் ஆகும் என்பதை மனதில் வையுங்கள்.

சரி, காருக்காகப் பிஎஃப்பில் பணம் எடுக்க முடியுமா? 1952 ஆம் ஆண்டு பிஎஃப் திட்டத்தில் வீடு, மருத்துவம், கல்யாணம், படிப்பு, வேலையிழப்பு போன்ற காரணங்களுக்குத்தான் முன்பணம் எடுக்க இடம் வைத்தார்கள். கார் வாங்க என்று ஒரு காரணம் அதில் இல்லை. 2025 அக்டோபரில் பிஎஃப் நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு இந்த விதிகளைச் சுருக்க முடிவு செய்தது. பழைய 13 பிரிவுகளை அத்தியாவசியத் தேவை, வீடு, சிறப்புச் சூழல் என்று மூன்றாக்குவது, எல்லாவற்றுக்கும் 12 மாதப் பணி போதும் என்பது, சிறப்புச் சூழலுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பது அந்த முடிவின் முக்கிய அம்சங்கள். கூடவே, பங்களிப்பில் 25 சதவீதம் எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும் என்றும் முடிவானது. நீங்கள் விண்ணப்பிக்கும் அன்று உறுப்பினர் தளத்தில் படிவம் 31-ஐத் திறந்தால் எந்தக் காரணங்கள் பட்டியலில் வருகின்றன, எவ்வளவு எடுக்கலாம் என்று காட்டும். அதை மட்டும் நம்புங்கள். கால்வாசியை விட்டுவிட வேண்டும் என்றால், நம்மவரின் 7.4 லட்சத்தில் அவர் எடுக்கக்கூடியது ஏறத்தாழ 5.5 லட்சம்.

இந்த இடத்தில் இரண்டு குறுக்கு வழிகளைப் பலரும் சொல்லித் தருவார்கள். இரண்டும் வேண்டாம். ஒன்று, "மருத்துவம்னு போட்டு எடு, யார் கேட்கப்போறா" என்பது. பொய்க் காரணம் காட்டி எடுத்த பணத்தை அபராத வட்டியோடு திரும்ப வசூலிக்கலாம் என்று பிஎஃப் நிறுவனமே 2025-ல் எச்சரித்திருக்கிறது. இன்னொன்று, வேலை மாறும்போது பழைய கணக்கை முழுதாக முடித்துப் பணம் எடுப்பது. தொடர்ச்சியான பணி ஐந்து வருடம் ஆகாமல் கணக்கை முடித்தால் அந்தப் பணத்துக்கு வருமான வரி உண்டு. பழைய கணக்கைப் புதியதுக்கு மாற்றிக்கொண்டால் பழைய நிறுவனத்தில் வேலை பார்த்த காலமும் இந்த ஐந்து வருடத்தில் சேரும். மாற்றாமல் எடுத்தால் அந்தக் காலமும் போய், பென்ஷனுக்கான பணிக்காலமும் அறுந்துபோகும்.

அரசு ஊழியர்களில் ஜிபிஎஃப் உள்ளவர்களின் நிலை வேறு. மத்திய அரசு ஜிபிஎஃப் விதிகளில் வாகனம் வாங்குவது வெளிப்படையாகவே ஒரு காரணம். பத்து வருடப் பணி முடிந்திருந்தால் இருப்பில் முக்கால் பங்கு வரை, அல்லது வாகனத்தின் விலை, இரண்டில் எது குறைவோ அதை எடுக்கலாம். பிபிஎஃப் வைத்திருப்பவர்கள் ஏழாம் நிதியாண்டிலிருந்து காரணம் சொல்லாமல் ஒரு பகுதியை எடுக்கலாம். ஆனால் அதில் ஆண்டுக்கு 1.5 லட்சத்துக்கு மேல் திரும்பப் போட முடியாது.

இப்போது உண்மையான ஒப்பீடு

வங்கியில் 5 லட்சம், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் இஎம்ஐ 10,379 ரூபாய். ஐந்து வருடத்தில் கட்டும் மொத்த வட்டி 1.23 லட்சம். பிஎஃப்பில் அதே 5 லட்சத்தைத் தொடாமல் விட்டால், 2024-25க்கு அறிவித்த 8.25 சதவீதம் அப்படியே தொடர்வதாக வைத்துக்கொண்டால், ஐந்து வருடத்தில் 7.43 லட்சம் ஆகும். அதாவது 2.43 லட்சம் வட்டி.

இதைப் பார்த்ததும், "கடனுக்கு 1.23 கொடுத்து, பிஎஃப்பில் 2.43 சம்பாதிக்கிறேன், 1.2 லட்சம் லாபம்" என்று முடிவுக்கு வந்துவிடுவோம். விற்பனையாளர்கள் காகிதத்தில் போட்டுக் காட்டுவதும் இதைத்தான். கணக்கு தப்பு. 9 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 8.25 சதவீதத்தில் வைத்தால் லாபம் வரவே வராது. எங்கே தப்புகிறது என்றால், கடனில் நீங்கள் மாதாமாதம் அசலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டே போகிறீர்கள். அதனால்தான் வட்டி குறைவாகத் தெரிகிறது. அந்த மாதத் தொகையைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

எனவே சரியான கேள்வி இது: பிஎஃப்பை எடுத்துக் கார் வாங்கினால் மாதம் 10,379 மிச்சமாகிறதே, அந்தப் பணம் எங்கே போகும்?

அதைக் கட்டுப்பாடாக விபிஎஃப், அதாவது விருப்பப் பிஎஃப் பிடித்தமாக, மாதம் தவறாமல் போட்டால் ஐந்து வருட முடிவில் 7.62 லட்சம் சேரும். தொடாமல் விட்ட பிஎஃப் 7.43 லட்சம். ஆக, பிஎஃப்பை எடுத்தவருக்கு 19,000 ரூபாய் லாபம். கடன் வாங்குவதற்கான உண்மையான செலவும் இவ்வளவுதான்: ஐந்து வருடத்துக்கு 19,000. 1.23 லட்சமும் இல்லை, 1.2 லட்சம் லாபமும் இல்லை.

ஆனால் அவர் மாதம் 10,000 போடாமல் 5,000 மட்டும் போட்டால்? ஐந்து வருடத்தில் 3.67 லட்சம்தான் இருக்கும். பிஎஃப்பைத் தொடாதவரை விட 3.76 லட்சம் குறைவு. ஒன்றுமே போடாவிட்டால் முழு 7.43 லட்சமும் காலி. 5 லட்சத்தை இருபது வருடம் இதே வட்டியில் விட்டிருந்தால் 24.4 லட்சம் ஆகியிருக்கும்; 54 வயதில் அது கையில் இருக்காது.

எனக்குத் தெரிந்தவரை, பிஎஃப்பை எடுத்தவர்களில் அதே தொகையை ஐந்து வருடம் விடாமல் திரும்பப் போட்டவர்கள் மிகக் குறைவு. வங்கி இஎம்ஐயை யாரும் தவறவிடுவதில்லை, ஏனென்றால் கேட்க ஆள் இருக்கிறது. நமக்கு நாமே கட்ட வேண்டிய தவணையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுவோம். ஆகவே 19,000 ரூபாயை மிச்சம் பிடிக்க ஏழு லட்சத்தை ஆபத்தில் வைக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிஎஃப்பில் எடுத்ததை மொத்தமாகத் திரும்பப் போட வழியில்லை. அடுத்த வருடம் போனஸ் 3 லட்சம் வந்தாலும் அதைக் கொண்டுபோய்க் கணக்கில் கட்ட முடியாது. சம்பளப் பிடித்தம் வழியாகத்தான் உள்ளே போகும். விபிஎஃப்பை எப்போது வேண்டுமானாலும் தொடங்க எல்லா நிறுவனமும் விடுவதில்லை. பல இடங்களில் நிதியாண்டின் தொடக்கத்தில்தான் மாற்ற முடியும். உங்கள் சொந்தப் பங்களிப்பு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரியும் உண்டு. நம்மவருக்கு 4,200-ம் 10,379-ம் சேர்ந்து ஆண்டுக்கு 1.75 லட்சம்தான், அதனால் பிரச்சினை இல்லை. அடிப்படைச் சம்பளம் 80,000 உள்ளவருக்கு இந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும்.

கடன் வழியில் இருக்கும் ஒரு பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். பிஎஃப்பில் இருக்கும் பணத்தைக் கடன்காரர்கள் ஜப்தி செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேலை போய் இஎம்ஐ கட்ட முடியாமல் போனால் வங்கி காரைத் தூக்கிப் போகலாம். பிஎஃப் அப்படியே இருக்கும். பிஎஃப்பில் கார் வாங்கியவருக்கு வேலை போனால் கையில் இருப்பது விலை இறங்கிக்கொண்டிருக்கும் கார் மட்டும்தான்.

எஃப்டியை எடுக்கலாம், தாராளமாக

இதே கணக்கை எஃப்டிக்குப் போட்டால் விடை மாறுகிறது. எஃப்டிக்கு 6.5 சதவீதம் வருகிறது, கடனுக்கு 9 சதவீதம் கொடுக்கிறோம். இடைவெளி பெரிது. ஒரு லட்சம் எஃப்டியை உடைத்துக் கார் வாங்கி, அந்த ஒரு லட்சத்துக்கு வரவேண்டிய இஎம்ஐயை மாதாமாதம் அதே வட்டியில் ஆர்டி போட்டு வந்தால், ஐந்து வருடத்தில் சுமார் 8,500 ரூபாய் மிஞ்சும். பிஎஃப்பில் இதே மிச்சம் லட்சத்துக்கு 3,800 ரூபாய்தான். 20 சதவீத வரி கட்டுபவராக இருந்தால் எஃப்டி வட்டி வரியும் செஸ்ஸும் போக 5.15-க்கு இறங்கிவிடும், எடுப்பது இன்னும் லாபம். நம்மவருக்கு 2025-26 முதல் புதிய வரிமுறையில் வரியே வராது, அப்படியிருந்தும் எஃப்டியை எடுப்பதே சரி.

அதைவிட முக்கியம், எஃப்டியை உடைத்தால் மறுபடியும் எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கதவு மூடுவதில்லை. ஆகவே வரிசை இப்படி: சேமிப்புக் கணக்கில் அதிகமாகக் கிடப்பது முதலில், எஃப்டி அடுத்து, மீதிக்கு வங்கிக் கடன், பிஎஃப் கடைசி. எஃப்டியை உடைக்கும் முன் முதிர்வுத் தேதியைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் முடியப்போகிறது என்றால் காரை இரண்டு மாதம் தள்ளலாம். முன்கூட்டி உடைத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள்.

கடன் கேட்கப் போகும்போது

ஷோரூமில் "ஆறு பெர்சென்ட்தான் சார்" என்று சொன்னால் உடனே கேட்க வேண்டியது, அது ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா என்று. ஃபிளாட் 6 சதவீதம் என்றால் 5 லட்சத்துக்கு ஐந்து வருடமும் முழு அசலுக்கே வட்டி போடுவார்கள். 1.5 லட்சம் வட்டி, இஎம்ஐ 10,833. குறையும் அசல் முறையில் இது ஏறக்குறைய 10.85 சதவீதத்துக்குச் சமம். 9 சதவீதம் சொல்லும் வங்கியில் இஎம்ஐ 10,379 தானே. சின்ன எண்ணாகக் காதில் விழுந்தது ஐந்து வருடத்தில் 27,000 ரூபாய் கூடுதலாகப் பிடுங்கிவிடும். சதவீதத்தை மறந்துவிட்டு, ஒரே தொகை, ஒரே காலத்துக்கு இஎம்ஐ எவ்வளவு என்று எல்லா இடத்திலும் கேளுங்கள்.

2024 அக்டோபர் 1 முதல், கார் கடன் உட்பட தனிநபர்கள் வாங்கும் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றை வங்கியும் நிதி நிறுவனமும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். செயலாக்கக் கட்டணம் தவிர, கடனுக்கான ஆயுள் காப்பீடு என்று 12,000, 15,000 ரூபாயைக் கடன் தொகையிலேயே சேர்த்திருப்பார்கள். வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம்.

வட்டி மாறும் வகையா, நிலையான வகையா என்பதையும் கேளுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நிலையான வட்டிக் கடனில் அபராதம் இருக்கலாம். போனஸ் வரும்போது அடைக்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு வரி முக்கியம். இடையில் கொஞ்சம் கட்டும்போது இஎம்ஐயைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்பார்கள். காலத்தைக் குறைப்பதே நல்லது.

ஏழு வருடக் கடனைத் தவிர்க்கச் சொல்வதற்கு வட்டி மட்டும் காரணமில்லை. வட்டியும் அதிகம்தான்: 5 லட்சத்துக்கு ஏழு வருடத்தில் 1.76 லட்சம், மூன்று வருடத்தில் அடைத்தால் 72,000. ஆனால் பெரிய ஆபத்து, கடன் பாக்கி காரின் மதிப்பைவிட அதிகமாக இருக்கும் காலம் நீண்டுபோவதுதான். நம்மவர் முன்பணம் குறைவாகப் போட்டு 7.2 லட்சத்தை ஏழு வருடத்துக்கு வாங்குவதாக வையுங்கள். மூன்று வருடம் கழித்தும் பாக்கி 4.65 லட்சம் இருக்கும். காப்பீட்டில் காரின் மதிப்பை ஷோரூம் விலையிலிருந்து தேய்மானம் கழித்துப் போடுவார்கள். மூன்று வருடம் தாண்டிய காருக்கு 40 சதவீதம் கழியும். 6.6 லட்சம் கார் அப்போது 3.96 லட்சம். விபத்தில் கார் முழுதாகப் போனால் காப்பீட்டுப் பணம் முதலில் வங்கிக்குப் போகும், அதற்கு மேலும் 70,000 ரூபாய் கைக்காசு கட்ட வேண்டும், காரும் இல்லாமல். 3 லட்சம் முன்பணம், ஐந்து வருடம் என்று போனால் இந்த நிலை வராது.

நம்மவர் என்ன செய்யலாம்

கைக்கு 58,000 வருகிறது, செலவு 36,000. மிச்சம் 22,000. இஎம்ஐ 10,379-ம் காரின் மாதச் செலவு 7,500-ம் போனால் 4,100 தான் மிஞ்சும். கட்ட முடியும், ஆனால் இறுக்கம். தீபாவளி மாதமும் பள்ளிக் கட்டண மாதமும் தாங்காது.

அதனால் நான் சொல்வது, ஆறு மாதம் ஒத்திகை பாருங்கள். கார் வந்துவிட்டதாகவே நினைத்து, சம்பளம் வந்த அடுத்த நாளே 18,000 ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இடையில் இரண்டு முறை அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், இந்த விலைக் கார் இப்போதைக்கு ஆகாது என்று தெரிந்துகொள்ளலாம். பழைய கார் பார்க்கலாம், அல்லது சம்பளம் ஏறும்வரை பொறுக்கலாம். எடுக்காமல் தாண்டிவிட்டால் கையில் 1.08 லட்சம் சேர்ந்திருக்கும். முன்பணம் 4 லட்சம், கடன் 4 லட்சம் ஆகும். இஎம்ஐ 8,303-க்கு இறங்கும். மாதம் 6,000-க்கு மேல் மூச்சுவிட இடம் கிடைக்கும். பிஎஃப்பில் கை வைக்கவே தேவையில்லை.

பிஎஃப்பை எடுப்பது நியாயமாகும் இடங்களும் இருக்கின்றன. சிபில் மதிப்பெண் சரியில்லாமல் 12 சதவீதத்துக்குக் குறைந்து கடன் கிடைக்கவில்லை என்றால், மேலே 19,000 என்று வந்த செலவு 73,000 ஆகிவிடும். அப்போதும் முதலில் மதிப்பெண்ணைச் சரிசெய்து ஒரு வருடம் கழித்து வாங்குவதையே விரும்புவேன், ஆனால் கார் பிழைப்புக்கே தேவை என்றால் பிஎஃப் தவறில்லை. ஓய்வுக்கு ஓரிரு வருடம் இருப்பவருக்கு, இஎம்ஐ ஓய்வுக்குப் பிறகும் தொடரும் என்றால், சேர்ந்த பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுப்பதே நல்லது. 34 வயதுக்காரருக்கு இது பொருந்தாது.

கடன் முடிந்த பிறகு ஒரு வேலை

கடனில் வாங்கிய காரின் ஆர்சியிலும் காப்பீட்டிலும் வங்கியின் பெயர் அடமானமாக ஏறியிருக்கும். கடைசி இஎம்ஐ போனதும் அது தானாக நீங்காது. வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்றும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்டிஓ வழியாக நீக்க வேண்டும். சான்றில் ஒரு செல்லுபடி தேதி போட்டிருப்பார்கள், அதற்குள் முடித்துவிடுங்கள். பிறகு புதிய ஆர்சியின் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி அங்கேயும் வங்கியின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டவர்களுக்கு, காரை விற்கப் போகும் நாளில்தான், ஐந்து வருடத்துக்கு முந்தைய கடன் கணக்கு எண்ணைத் தேடி அலையும் வேலை வரும்.